ஐம்பத்தேழு மடங்குப் பிழை

வட்டக்கோணப்பகுதி ஒன்றின் வில்லின் நீளத்தையும் பரப்பளவையும் காண இருவகை வாய்பாடுகள் வழக்கில் உள்ளன. மையக்கோணம் பாகையில் தரப்பட்டால் வட்டத்தின் எத்தனையாவது பங்கு அப்பகுதி என்று கண்டு, முழு வட்டத்தின் அளவோடு பெருக்குவது ஒரு வகை. மேல்நிலை வகுப்புகளில் அறிமுகமாகும் s = rθ, A = ½ r²θ என்னும் வாய்பாடுகள் மற்றொரு வகை. இவற்றுள் இரண்டாம் வகை மிகச் சுருக்கமானது. 360 இல்லை, π கூட இல்லை. அந்தச் சுருக்கமே தேர்வு நேரத்தில் கையை அதன்பால் இழுக்கிறது. ஆனால், அங்குள்ள θ ரேடியனில் மட்டுமே அளக்கப்பட வேண்டும் என்னும் நிபந்தனை வாய்பாட்டின் முகத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. பாகையில் உள்ள எண்ணை அதில் இட்டாலும் வாய்பாடு தடுப்பதில்லை. ஒரு விடையைத் தந்துவிடுகிறது. அவ்விடை தவறு என்பதை எவ்வாறு கண்டறிவது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

வயலின் மூலையில் ஒரு தெளிப்பான்

தெளிப்பு நீர்ப் பாசனத்தில், முழுவதும் சுழலாமல் குறிப்பிட்ட கோணத்திற்குள் மட்டும் திரும்பித் திரும்பி நீர் இறைக்கும் தெளிப்பான்கள் உண்டு. வயலின் மூலையில் நிறுத்துவதற்கு இவை ஏற்றவை. அத்தகைய தெளிப்பான் ஒன்று 14 மீட்டர் தொலைவு வரை நீரைத் தெளிக்கிறது என்றும், 75 பாகைக் கோணத்திற்குள் திரும்புகிறது என்றும் கொள்வோம். நனையும் நிலம் 14 மீட்டர் ஆரமும் 75 பாகை மையக்கோணமும் உடைய வட்டக்கோணப்பகுதி ஆகும். அதன் வெளி விளிம்பில் வரப்பு அமைக்க வில்லின் நீளம் வேண்டும். எவ்வளவு நீர் பாய்ச்சுவது என்று முடிவு செய்யப் பரப்பளவு வேண்டும்.

மாணவர் ஒருவர் s = rθ என்பதில் நேரடியாக 14ஐயும் 75ஐயும் இடுகிறார். 1,050 மீட்டர் என்று விடை வருகிறது. A = ½ r²θ என்பதில் இட்டால் ½ × 196 × 75 = 7,350 சதுர மீட்டர். பெருக்கலில் பிழை இல்லை. வாய்பாட்டிலும் பிழை இல்லை. எனினும் இரு விடைகளும் தவறானவை.

75 பாகையை முதலில் ரேடியனாக மாற்றியிருக்க வேண்டும். 180 பாகை π ரேடியனுக்குச் சமம் ஆதலால், 75 × π/180 = 1.309 ரேடியன். இதை இட்டால் வில்லின் நீளம் 14 × 1.309 = 18.33 மீட்டர், பரப்பளவு ½ × 196 × 1.309 = 128.28 சதுர மீட்டர்.

இப்பிழை தாளோடு நிற்பதன்று. நிலத்தில் 5 மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் பாய்ச்ச வேண்டும் எனில், உண்மையான பரப்பளவுக்கு ஏறத்தாழ 641 லிட்டர் போதும். 7,350 சதுர மீட்டர் என்று நம்பியவர் 36,750 லிட்டரைக் கணக்கிடுவார். அவ்வளவு நீரையும் அதே நிலத்தில் தேக்கினால் 28 சென்டிமீட்டருக்கு மேல் நீர் நிற்கும். மிளகாய் நாற்று நட்ட நிலமாயின் அது நாற்றங்கால் அன்று, குளம்.

ரேடியனுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

வில்லின் நீளம் ஆரத்திற்குச் சமமாக இருக்கும்போது மையத்தில் அமையும் கோணமே ஒரு ரேடியன். எனவே, ஒரு கோணம் இத்தனை ரேடியன் என்று சொல்வது, அதன் வில் ஆரத்தைப் போல் இத்தனை மடங்கு என்று சொல்வதே ஆகும். s = rθ என்பது தனியே நிறுவப்பட வேண்டிய தேற்றம் அன்று; ரேடியனின் வரையறையை வேறொரு வரிசையில் எழுதியது மட்டுமே. பாகைக்கு அவ்வுறவு இல்லை. வட்டத்தை 360 ஆகப் பகுத்தது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த எண்ணுக்கும் ஆரத்தின் நீளத்திற்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. தொடர்பை உண்டாக்க π/180 என்னும் பாலம் தேவைப்படுகிறது.

'ரேடியன்' என்னும் சொல் 1873ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜேம்ஸ் தாம்சன் அமைத்த தேர்வு வினாத்தாளில் அச்சேறியது. சொல் புதிதாயினும், கோணத்தையும் நீளத்தையும் ஒரே அலகில் அளந்தால் கணக்கு எளிதாகும் என்னும் எண்ணம் பழமையானது. கி.பி. 499இல் ஆரியபட்டியத்தை இயற்றிய ஆரியபட்டர் வட்டத்தின் பரிதியை 21,600 கலைகளாகக் கொண்டார். 360 பாகைக்கு, பாகை ஒன்றுக்கு 60 கலை வீதம் வரும் எண்ணிக்கை அது. பின்பு அதே கலையால் ஆரத்தையும் அளந்தார். 21,600ஐ 2π ஆல் வகுத்தால் 3,437.75 வருகிறது, அவருடைய அட்டவணையில் ஆரம் 3,438 கலை. ஆரத்தைக் கோணத்தின் அலகால் அளந்தவர் அவர். கோணத்தை ஆரத்தால் அளப்பது ரேடியன் முறை. இரண்டும் ஒரே பாலத்தை இரு கரைகளிலிருந்து கடப்பவை. ஒரு ரேடியனில் 3,438 கலை, அதாவது 57.3 பாகை அடங்கும் என்பதும் இதிலிருந்து பெறப்படும். இந்த 57.3 என்னும் எண்ணை நினைவில் கொள்ளுதல் வேண்டும். பிழையைப் பிடிக்கும் கண்ணி அதுவே.

பகுதி முழுமையை விஞ்சலாகாது

விடையைச் சரிபார்க்க முதலில் கைக்கு வரும் கருவி முழு வட்டம். 14 மீட்டர் ஆரமுடைய வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 88 மீட்டர். பரப்பளவு ஏறத்தாழ 616 சதுர மீட்டர். வட்டத்தின் ஒரு பகுதியாகிய வில் 1,050 மீட்டர் இருக்க இயலாது. 7,350 சதுர மீட்டர் என்பதோ முழு வட்டத்தைப் போல் ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. தெளிப்பான் முழுவதும் சுழன்றாலும் நனைக்க முடியாத நிலத்தை, கால் வட்டத்திற்கும் குறைவாகச் சுழன்று எவ்வாறு நனைக்கும்?

இச்சோதனையை மேலும் கூர்மையாக்கலாம். 75 பாகை என்பது 90 பாகையைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே, விடை கால் வட்டத்தின் அளவைவிடச் சற்றுக் குறைந்திருக்க வேண்டும். கால் வட்டத்தின் வில் 22 மீட்டர். பரப்பளவு 154 சதுர மீட்டர். 18.33, 128.28 ஆகிய விடைகள் இவற்றிற்குச் சற்றுக் கீழே பொருத்தமாக அமர்கின்றன. எழுதுகோலை எடுப்பதற்கு முன்பே இந்த மதிப்பீட்டைச் செய்துகொள்பவருக்கு 1,050 என்னும் எண் தோன்றியவுடனே ஐயம் எழும்.

ஏமாற்றும் சோதனை

சரிபார்க்கும் வழிகள் யாவும் நம்பத்தக்கவை அல்ல. வில்லின் நீளத்தையும் பரப்பளவையும் இணைக்கும் அழகிய உறவு ஒன்று உண்டு. வில்லின் பாதியை ஆரத்தால் பெருக்கினால் வட்டக்கோணப்பகுதியின் பரப்பளவு கிடைக்கும்; அதாவது A = ½ s r. முழு வட்டத்திற்கு இது பரிதியின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்குவதாகும். ஆரியபட்டியம் இவ்விதியைக் கூறுகிறது. கணக்கதிகாரம் என்னும் தமிழ்க் கணித நூலும் வட்டத்தின் பரப்பைக் காண இதையே கூறுகிறது.

இரு விடைகளையும் கண்டபின், இவ்வுறவைக் கொண்டு ஒன்றை மற்றொன்றால் சோதிக்கும் பழக்கம் மாணவரிடையே உண்டு. தவறான விடைகளுக்கே இதைச் செய்து பார்க்கலாம். 1,050இன் பாதி 525. அதை 14ஆல் பெருக்கினால் 7,350. மிகச் சரியாகப் பொருந்துகிறது! மாணவர் மனநிறைவோடு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவார்.

இது ஏன் நிகழ்கிறது? வில்லின் வாய்பாட்டிலும் பரப்பளவின் வாய்பாட்டிலும் θ ஒருமுறையே பெருக்கப்படுகிறது. பாகையை அப்படியே இட்டதால் இரு விடைகளும் ஒரே அளவில், 57.3 மடங்கு, பெருத்துவிட்டன. உறவின் இருபுறமும் ஒரே மடங்கில் வளர்ந்தால் சமன்பாடு குலையாது. பெருக்கலில் நேர்ந்த பிழையையோ, ½ விடுபட்டதையோ இச்சோதனை காட்டிக்கொடுக்கும். கோண அலகில் நேர்ந்த பிழையை மட்டும் அதனால் காண இயலாது. ஒரே தவறான மூலத்திலிருந்து பிறந்த இரு சாட்சிகள் ஒத்துரைப்பதால் உண்மை நிலைபெறுவதில்லை. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

அந்த வெளிச் சாட்சி வினாவிலேயே இருக்கிறது. 75ஐ 360ஆல் வகுத்தால் 0.2083. நனையும் பகுதி வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்று மிகுதி என்பது இதன் பொருள். 128.28ஐ 615.75ஆல் வகுத்தாலும் 0.2083 வருகிறது. 7,350ஐ அதே எண்ணால் வகுத்தால் 11.94 வருகிறது. பாகையை 360ஆல் வகுக்கும்போது ரேடியன் எங்கும் நுழைவதில்லை. ஆதலால் இச்சோதனை முதற்பிழையின் நிழல் படாதது.

கோணம் சிறிதாகும்போது

முழு வட்டத்தோடு ஒப்பிடும் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. வட்டத்தைச் சுற்றி 2π, அதாவது ஏறத்தாழ 6.28 ரேடியன். பாகையில் உள்ள எண் 6.28ஐவிடக் குறைவாக இருந்தால், அதைத் தவறாக இட்டுப் பெறும் விடை முழு வட்டத்தைத் தாண்டாது. அப்போது அச்சோதனை வாய் திறவாது.

சாலை அமைப்பில் இத்தகைய சிறு கோணங்கள் இயல்பாகவே வரும். நேராகச் செல்லும் சாலை, 400 மீட்டர் ஆரமுடைய வட்டவில்லின் வழியே 6 பாகை திரும்பி மீண்டும் நேராகிறது எனக் கொள்வோம். சாலை திரும்பும் கோணமே வில்லின் மையக்கோணமும் ஆகும். 400 × 6 = 2,400 மீட்டர் என்று ஒருவர் எழுதினால், முழுச் சுற்றளவாகிய 2,513 மீட்டரைவிட அது குறைவே. இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த வளைவு என்பது கேட்பதற்கும் இயல்பாகவே தோன்றும். ஆனால் சரியான நீளம் 400 × 6 × π/180 = 41.89 மீட்டர் மட்டுமே. ஒரு பேருந்து சில நொடிகளில் கடந்துவிடும் தொலைவு அது.

இங்குத் துணைபுரிவது ஆரத்தோடு ஒப்பிடும் சோதனை. 60 பாகை மையக்கோணத்தில் இரு ஆரங்களும் நாணும் சேர்ந்து சமபக்க முக்கோணம் அமையும். ஆகவே நாணின் நீளம் ஆரத்திற்குச் சமம். வில், நாணைவிடச் சற்று நீண்டது. எனவே 60 பாகையில் வில் ஆரத்தைச் சற்றே விஞ்சும், 57.3 பாகையில் இரண்டும் சமமாகும். அதற்குக் கீழே எக்கோணத்திலும் வில் ஆரத்தைவிடக் குறுகியதாகவே இருக்கும். 6 பாகை என்பது 60 பாகையில் பத்தில் ஒரு பங்கு. ஆதலால் வில்லும் 400 மீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி, 40 மீட்டருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். ஆரத்தைப் போல் ஆறு மடங்காகிய 2,400 மீட்டர் என்னும் விடை இச்சோதனையில் உடனே விழுந்துவிடும்.

சிறு கோணத்தில் மற்றொரு வசதியும் உண்டு. வில்லுக்கும் நாணுக்கும் வேறுபாடு மிகச் சிறிதாகிவிடும். மேற்கண்ட வளைவின் இரு முனைகளுக்கும் இடையே நேர்த்தொலைவு 41.87 மீட்டர், வில்லுக்கும் அதற்கும் இரண்டு சென்டிமீட்டரே வேறுபாடு. களத்தில் அளவுநாடாவை நேராகப் பிடித்து அளந்தாலே கணக்கு சரியா என்பது தெரிந்துவிடும்.

பிழையின் கைரேகை

விடை தவறு என்று தெரிந்தபின், காரணத்தைக் கண்டறிய வேண்டும். எதிர்பார்த்த மதிப்பீட்டால் கிடைத்த விடையை வகுத்துப் பார்ப்பது பயன்தரும். இரு மடங்கு வந்தால் பெரும்பாலும் பரப்பளவில் ½ விடுபட்டிருக்கும். பரப்பளவு நான்கு மடங்கானால் ஆரத்திற்குப் பதில் விட்டத்தை இட்டிருக்க வாய்ப்புண்டு. ஐம்பது முதல் அறுபது மடங்கு வரை வந்தால் ஐயம் பாகையின் மீதே விழ வேண்டும். தெளிப்பான் கணக்கில் வில்லை 18 மீட்டர் அளவில் எதிர்பார்த்தவர் 1,050ஐ அதனால் வகுத்தால் 58 வரும், 57.3க்கு மிக அருகில் உள்ள எண் அது.

காரணம் தெளிவானால் முழுக் கணக்கையும் மீண்டும் செய்ய வேண்டியதில்லை. தவறான விடையை π/180ஆல் பெருக்கினாலே போதும். 1,050 × π/180 = 18.33. எனினும், θ ஒருமுறை மட்டுமே பெருக்கப்படும் வாய்பாடுகளுக்கே இக்குறுக்குவழி பொருந்தும்.

வட்டத்துண்டும் கணிப்பானும்

பொருந்தாத இடத்திற்கு வட்டத்துண்டு சான்றாகும். தெளிப்பானின் வயல், வில்லின் இரு முனைகளையும் இணைக்கும் நாணோடு முடிந்துவிடுகிறது எனக் கொள்வோம். நாணுக்கு அப்பால் விழும் நீர் வீணாகும். அப்பகுதியின் பரப்பளவு ½ r²(θ − sin θ). இதில் θ இரண்டு இடங்களில் வருகிறது. தனியே நிற்கும் θ ரேடியனில்தான் இருக்க வேண்டும். சைனுக்குள் நிற்கும் θ எந்த அலகிலும் இருக்கலாம். கணிப்பானும் அதே அலகில் இருக்க வேண்டும் என்பதே கட்டுப்பாடு.

இங்கு விழிப்புடையவரும் இடறுவதுண்டு. 75 பாகையை 1.309 ரேடியனாக முறைப்படி மாற்றுகிறார். ஆனால் கணிப்பானின் திரையில் DEG என்றே இருக்கிறது. அது 1.309ஐப் பாகை என்று கொண்டு, சைன் மதிப்பு 0.0228 என்று காட்டும். விடை 98 × (1.309 − 0.0228) = 126.04 சதுர மீட்டர். இது முழு வட்டத்தைவிடக் குறைவு, வட்டக்கோணப்பகுதியாகிய 128.28ஐவிடவும் குறைவு. 57.3 மடங்கு என்னும் கைரேகையும் இதில் இல்லை. மேலே கண்ட சோதனைகள் பலவற்றையும் இவ்விடை கடந்துவிடும்.

படத்தை வரைந்தால் மட்டும் கடக்காது. வட்டக்கோணப்பகுதியிலிருந்து முக்கோணத்தை நீக்கினால் எஞ்சுவதே வட்டத்துண்டு. துண்டு 126.04 எனில், முக்கோணத்திற்கு எஞ்சுவது இரண்டேகால் சதுர மீட்டருக்கும் குறைவு. 14 மீட்டர் நீளமுள்ள இரு பக்கங்களும் இடையே செங்கோணத்தை நெருங்கும் கோணமும் கொண்ட முக்கோணம் அவ்வளவு சிறிதாக இருக்க இயலுமா? கோணம் செங்கோணமே ஆயின் அதன் பரப்பளவு 98 சதுர மீட்டர். 75 பாகைக்குச் சற்றுக் குறைந்து 94.66. அதை 128.28லிருந்து கழித்தால் வட்டத்துண்டு 33.62 சதுர மீட்டர். திரையில் RAD என்று மாற்றி வைத்துக்கொண்டு வாய்பாட்டில் இட்டாலும் இதே எண் வரும். நீரில் நான்கில் ஒரு பங்கு வயலுக்கு வெளியே விழுகிறது என்பது உண்மை நிலை. தவறான கணக்கோ ஏறத்தாழ அனைத்தும் வெளியே விழுவதாகக் கூறுகிறது.

இதே பிழை தலைகீழாகவும் நேரும். வரப்பின் நீளம் 18.33 மீட்டர், ஆரம் 14 மீட்டர் என்று தந்து, தெளிப்பானைத் திருப்ப வேண்டிய கோணத்தைக் கேட்டால், 18.33ஐ 14ஆல் வகுத்து 1.309 என்று காண்பர். அந்த எண்ணுக்குப் பின்னால் 'பாகை' என்று எழுதிவிடுவது எளிது. வில் ஆரத்தைவிட நீண்டிருப்பதால் கோணம் 57.3 பாகையை விஞ்சியே ஆக வேண்டும். 1.309 பாகைக்கு அமைத்த தெளிப்பான், 14 மீட்டர் தொலைவில் 32 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கீற்றை மட்டும் நனைத்துக்கொண்டிருக்கும்.